மூன்றாம் தொடர் ஆக்சைடுகள்: வகை பிரிப்பதும் தண்ணீருடன் வினை எழுதுவதும்

தேவிபட்டினம் பக்கம் சாயங்காலம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பகுதியில் மார்க் போகிற இடம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். "இந்த ஆக்சைடு எந்த வகை?" என்பதும் "இது தண்ணீரோடு வினைபுரியுமா?" என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், அதனால் சிலிக்காவிலும் அலுமினாவிலும் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் தண்ணீரில் சும்மா கிடக்கும், ஆனால் ஒன்று அமில ஆக்சைடு, மற்றது ஈரியல்பு ஆக்சைடு. கீழே உள்ள வரிசையில் போனால் அந்தக் குழப்பம் வராது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தாளில் எழுதிப் பார்க்க மட்டும் என்றால் ஆக்சிஜனேற்ற எண் கணக்கிடத் தெரிந்தால் போதும். ஆக்சிஜனுக்கு −2 என்று வைத்து மற்ற அணுவின் எண்ணைக் கண்டுபிடிக்கிற அதே பழைய கணக்குதான்.

செய்து பார்க்க வேண்டுமென்றால் சிவப்பு, நீல லிட்மஸ் தாள்கள், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், கொஞ்சம் மெக்னீசியம் ஆக்சைடு, படிகாரம், கடற்கரை மணல் ஆகியவை வேண்டும். அப்புறம் முக்கியமாக டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடையில் கிடைப்பது போதும்.

நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் இதற்கு ஆகாது. உவர்ப்பு மட்டுமல்ல, பைகார்பனேட்டும் கரைந்திருக்கும், அதனால் எதையும் போடுவதற்கு முன்பே அந்தத் தண்ணீர் சிவப்பு லிட்மஸை லேசாக நீலமாக்கிவிடலாம். அதில் அலுமினாவைப் போட்டு, தாள் நீலமானதைப் பார்த்து, "கார ஆக்சைடு" என்று எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எந்தத் தண்ணீரை எடுத்தாலும் முதலில் வெறும் தண்ணீரில் தாளை நனைத்துப் பாருங்கள். அது மாறினால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

பாஸ்பரஸ் பென்டாக்சைடு, சல்பர் டிரையாக்சைடு, சோடியம் ஆக்சைடு மூன்றும் தண்ணீர் பட்டதும் கடும் வெப்பத்தோடு வினைபுரிபவை, Cl₂O₇ வெடிக்கக்கூடியது. இவை நான்கையும் தாளில் மட்டும் செய்யுங்கள். வீட்டில் வேண்டாம்.

2. முதலில் வரிசையாக எழுதி, ஆக்சிஜனேற்ற எண்ணைப் போடுங்கள்

Na₂O (+1), MgO (+2), Al₂O₃ (+3), SiO₂ (+4), P₄O₁₀ (+5), SO₃ (+6), Cl₂O₇ (+7)

ஆர்கானுக்கு ஆக்சைடு கிடையாது, விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றிலும் தனிமத்தின் எண் ஒன்று ஒன்றாக ஏறுவதைக் கவனியுங்கள். இந்த எண்ணை ஓரத்தில் எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீரோடு நடக்கும் வினையில் இது மாறுவதில்லை, அதனால் எந்த அமிலம் வரும் என்பதை மனப்பாடம் செய்யாமலே பின்னால் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

சில தனிமங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சைடு இருக்கிறது: கந்தகத்துக்கு SO₂ (+4), பாஸ்பரஸுக்கு P₄O₆ (+3), குளோரினுக்கு Cl₂O (+1). கேள்வியில் எது கொடுத்திருக்கிறது என்பதை அப்படியே பாருங்கள். "சல்பர் ஆக்சைடு" என்று கண்ணில் பட்டதும் H₂SO₄ என்று கை எழுதிவிடும். கேட்டது SO₂ ஆக இருந்தால் மார்க் போய்விடும்.

3. வகை பிரிப்பது: தண்ணீரை இன்னும் தொடவேண்டாம்

வரையறையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அமிலத்தோடு வினைபுரிந்து உப்பும் நீரும் தந்தால் கார ஆக்சைடு. காரத்தோடு வினைபுரிந்து உப்பும் நீரும் தந்தால் அமில ஆக்சைடு. இரண்டோடும் வினைபுரிந்தால் ஈரியல்பு. இந்த வரையறையில் தண்ணீரில் கரைகிறதா, லிட்மஸ் நிறம் மாறுகிறதா என்ற பேச்சே இல்லை.

இடமிருந்து வலம் போகப்போகத் தனிமத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை ஏறுகிறது. சோடியம் தன் எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும், அதனால் உள்ளே O²⁻ அயனி உண்மையாகவே இருக்கிறது. அந்த O²⁻ புரோட்டானை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதுதான் காரத்தன்மை. மெக்னீசியத்திலும் இப்படித்தான். வலப்பக்கம் போனால் பாஸ்பரஸ், கந்தகம், குளோரின் எலக்ட்ரானைக் கொடுக்காமல் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே தனி O²⁻ கிடையாது, நடுவில் உள்ள அணுதான் எலக்ட்ரான் குறைந்து நிற்கிறது. OH⁻ போன்றவை அந்த அணுவைத்தான் போய்த் தாக்கும். அதனால் அவை அமில ஆக்சைடுகள்.

ஆக வகை இப்படி: Na₂O, MgO கார ஆக்சைடு. Al₂O₃ ஈரியல்பு. SiO₂ முதல் Cl₂O₇ வரை நான்கும் அமில ஆக்சைடு. ஈரியல்பு ஒன்றே ஒன்றுதான், அது அலுமினியத்தினுடையது. சிலிக்காவை ஈரியல்பு என்று எழுதுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதை ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

4. கார ஆக்சைடுகளுக்குத் தண்ணீர் வினை

இங்கே நடப்பது ஒரே ஒரு விஷயம்:

O²⁻ + H₂O → 2OH⁻

அதையே முழுச் சேர்மமாக எழுதினால்

Na₂O + H₂O → 2NaOH
MgO + H₂O → Mg(OH)₂

சமன்பாடு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கரைசலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.62 கிராம் Na₂O என்பது 0.01 மோல். அது முழுதாகக் கரைந்து 0.02 மோல் NaOH தரும், ஒரு லிட்டராக்கினால் pH சுமார் 12.3. அதே 0.01 மோல் MgO, அதாவது 0.40 கிராம் எடுத்தால் Mg(OH)₂ பெரும்பகுதி அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும், pH 10-ஐத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றுவிடும். இரட்டை மின்சுமை கொண்ட Mg²⁺ அயனியும் ஆக்சைடு, ஹைட்ராக்சைடு அயனிகளும் ஒன்றையொன்று இறுக்கமாகப் பிடித்திருப்பதுதான் காரணம்.

சோடியத்தில் இன்னொரு தவறும் வரும். சோடியத்தை மிகை ஆக்சிஜனில் எரித்தால் பெரும்பாலும் கிடைப்பது சோடியம் பெராக்சைடு, Na₂O₂. அதைத் தண்ணீரில் போட்டால் NaOH-உடன் ஹைட்ரஜன் பெராக்சைடும் வரும்:

Na₂O₂ + 2H₂O → 2NaOH + H₂O₂

கேள்வியில் Na₂O என்று இருக்கிறதா, Na₂O₂ என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் கிளிஞ்சல் சுண்ணாம்பை உதாரணமாகச் சொல்வார்கள். நல்ல கார ஆக்சைடுதான், ஆனால் CaO நான்காம் தொடர். இந்த விடையில் எழுதக்கூடாது.

5. அலுமினா: தண்ணீரோடு வினை இல்லை என்று தைரியமாக எழுதுங்கள்

Al₂O₃ + 3H₂O → 2Al(OH)₃ என்று எழுதாதீர்கள். சமன்பாடு சமனாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வினை நடப்பதில்லை. அலுமினாவின் படிகத்தில் Al³⁺-உம் O²⁻-உம் இறுகப் பிணைந்திருக்கின்றன, அதைப் பிரிக்கத் தண்ணீரால் முடியாது. லிட்மஸும் மாறாது. இதற்கு விடை "வினை இல்லை, கரையாது" என்பதுதான், அதற்கு முழு மார்க் உண்டு. காலியாக விட்டால் கிடைக்காது, அதனால் எழுதிவையுங்கள்.

ஈரியல்பு என்பதற்கு ஆதாரமாக இரண்டு சமன்பாடு காட்ட வேண்டும்:

Al₂O₃ + 6HCl → 2AlCl₃ + 3H₂O
Al₂O₃ + 2NaOH + 3H₂O → 2Na[Al(OH)₄]

இரண்டாவது வினைக்குச் சூடான, செறிவான NaOH வேண்டும். அதில் நீர் இடப்பக்கம் வருவதைப் பார்த்துச் சிலர் தடுமாறுவார்கள். நான்கு OH-ஐ ஒரு அலுமினியத்தோடு சேர்க்க வேண்டியிருப்பதால் நீர் உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள்: ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 8.

பரிசோதித்துப் பார்க்க அலுமினாப் பொடியை எடுக்காதீர்கள். உயர் வெப்பத்தில் சுட்ட அலுமினா பிடிவாதமாகக் கிடக்கும், அமிலத்திலும் காரத்திலும் உடனே கரையாது, "ஈரியல்பு இல்லை" என்று தப்பாக முடிவெடுத்துவிடுவீர்கள். அதன் ஹைட்ராக்சைடை எடுங்கள். கொஞ்சம் படிகாரத்தை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து NaOH-ஐத் துளித்துளியாக விட்டால் ஜவ்வு மாதிரி வெள்ளை வீழ்படிவு வரும். அதை இரண்டு சோதனைக் குழாயில் பிரித்து, ஒன்றில் HCl, மற்றதில் இன்னும் NaOH விடுங்கள். இரண்டும் தெளிந்துவிடும்.

Al(OH)₃ + 3HCl → AlCl₃ + 3H₂O
Al(OH)₃ + NaOH → Na[Al(OH)₄]

இதில் அவசரம் ஆகாது. NaOH-ஐ ஒரேயடியாக ஊற்றினால் வீழ்படிவு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. NaOH இல்லையென்று சலவைச் சோடாவைப் போடுகிறவர்களும் உண்டு. அதில் நுரைத்துக்கொண்டு வீழ்படிவு வரும், ஆனால் எவ்வளவு சேர்த்தாலும் திரும்பக் கரையாது. சோடாவின் காரம் அதற்குப் போதாது.

6. சிலிக்கா: கடற்கரை மணல் ஏமாற்றும் இடம்

ஒரு மாணவி கேட்டாள்: "அண்ணே, மணல் இத்தனை காலமா கடல்லயே கெடக்கு, கரையவே இல்லை, அப்புறம் அது எப்படி அமில ஆக்சைடு?" கேள்வி சரியானது. விடை வரையறையில் இருக்கிறது. அமில ஆக்சைடு என்பது தண்ணீரில் கரைந்து அமிலம் தர வேண்டும் என்றில்லை, காரத்தோடு வினைபுரிந்தால் போதும்.

SiO₂ + 2NaOH → Na₂SiO₃ + H₂O

இதற்கும் சூடான, செறிவான NaOH வேண்டும். சிலிக்கா ஒவ்வொரு Si-உம் நான்கு O-உடன் பிணைந்து நாலா பக்கமும் தொடரும் பெருமூலக்கூறு. தண்ணீர் மூலக்கூறு அதில் முட்டினால் ஒன்றும் ஆகாது, OH⁻ தண்ணீரைவிட வலுவாகத் தாக்குவதால் சூட்டில் மெல்ல உடைக்கும். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் NaOH கரைசலை வைத்தால் நாளாக நாளாக மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வராது என்பதும் இந்த வினையால்தான். ரப்பர் மூடியோ பிளாஸ்டிக் பாட்டிலோ பயன்படுத்துங்கள்.

சரி, ஈரியல்பு என்று எழுதுகிற தவறுக்கு வருவோம். மண்டபம், பாம்பன் பக்கத்து மணலை அள்ளிக் குழாயில் போட்டு நீர்த்த HCl விட்டால் நுரைத்துக்கொண்டு கிளம்பும். அதைப் பார்த்ததும் "சிலிக்கா அமிலத்தோடும் வினைபுரிகிறது, காரத்தோடும் வினைபுரிகிறது, ஆக ஈரியல்பு" என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். நுரைப்பது சிலிக்கா இல்லை. நம் கரை மணலில் சிப்பித் தூளும் பவளத் துகளும் கலந்திருக்கின்றன, அவை கால்சியம் கார்பனேட்:

CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂

எப்படிச் சரிபார்ப்பது? அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நுரை அடங்கியதும் மேல் கரைசலைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, மறுபடி புது அமிலம் விடுங்கள். நுரையே வராத நிலை வரும். மிஞ்சியதை நன்றாகக் கழுவினால் கண்ணாடித் துகள் மாதிரி பளபளக்கிற மணிகள் கிடைக்கும், பெரும்பாலும் அதுதான் சிலிக்கா. (கறுப்பு மணிகள் இருந்தால் அவை வேறு கனிமங்கள், எடுத்துவிடுங்கள்.) அதை எவ்வளவு நேரம் HCl-இல் வைத்தாலும் அப்படியே கிடக்கும். ஒரு வகுப்பு நேரம் போனாலும் பரவாயில்லை, இதைச் செய்து பார்த்த பிள்ளை பரீட்சையில் சிலிக்காவை ஈரியல்பு என்று எழுதியதை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வினைக்கு SiO₂ + H₂O → H₂SiO₃ என்று எழுதினால் தவறு. "வினை இல்லை" என்று எழுதுங்கள்.

7. வலப்பக்க ஆக்சைடுகள்: எண்ணை மாற்றாமல் அமிலத்தைக் கண்டுபிடிப்பது

இங்கே தண்ணீரின் ஆக்சிஜன் நடு அணுவைத் தாக்கி, பின் ஒரு புரோட்டான் கழன்று, அமிலம் வருகிறது. நடு அணுவின் ஆக்சிஜனேற்ற எண் மாறாது. அதனால் இரண்டாவது படியில் எழுதிய எண்ணைப் பார்த்து, அதே எண் உள்ள அமிலத்தைத் தேர்ந்தெடுங்கள்:

P +5 என்றால் H₃PO₄, S +6 என்றால் H₂SO₄, Cl +7 என்றால் HClO₄. S +4 என்றால் H₂SO₃, P +3 என்றால் H₃PO₃, Cl +1 என்றால் HOCl.

சமன்செய்வதைப் பின்னாலிருந்து செய்தால் சுலபம். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் முழுவதையும் தண்ணீராக வெளியே எடுத்தால் மிஞ்சுவது ஆக்சைடு. பாஸ்பரஸில் செய்து காட்டுகிறேன். P₄O₁₀-இல் நான்கு P இருப்பதால் நான்கு H₃PO₄ எடுங்கள். மொத்தம் ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 16. 12 ஹைட்ரஜனையும் தண்ணீராக எடுக்க ஆறு H₂O வேண்டும், அதோடு ஆறு ஆக்சிஜன் போய்விடும். மிஞ்சுவது P₄O₁₀. ஆக,

P₄O₁₀ + 6H₂O → 4H₃PO₄

அதே முறையில்

SO₃ + H₂O → H₂SO₄
Cl₂O₇ + H₂O → 2HClO₄

தண்ணீர் குறைவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் P₄O₁₀ மெட்டாபாஸ்பாரிக் அமிலம், HPO₃ வரைதான் போகும். அங்கேயும் பாஸ்பரஸ் +5-இல்தான் நிற்கிறது. கேள்வியில் "மிகை நீர்" என்றோ ஒன்றும் சொல்லாமலோ இருந்தால் H₃PO₄ எழுதுங்கள். P₂O₅ என்று எழுதுவது பழைய எளிய வாய்பாடு. பலர் ஏற்பார்கள், ஆனால் மூலக்கூறு உண்மையில் P₄O₁₀, அதையே பழகுங்கள்.

SO₂-க்கு மட்டும் இரட்டை அம்பு:

SO₂ + H₂O ⇌ H₂SO₃

கரைந்த SO₂ பெரும்பாலும் SO₂-ஆகவே இருக்கிறது, சூடாக்கினால் வெளியே போய்விடும், H₂SO₃-ஐத் தனியே பிரித்தெடுக்கவும் முடியாது. ஒற்றை அம்பு போட்டால் முழுதாக அமிலமாகிவிட்டது என்று பொருள் ஆகிவிடும். Cl₂O-க்கும் இரட்டை அம்புதான்: Cl₂O + H₂O ⇌ 2HOCl.

8. பெயர் ஒட்டாத நான்கு பாட்டில்கள்

வகுப்பில் நான் கொடுக்கும் கணக்கு இது. நான்கும் வெள்ளைப் பொடி. MgO, Al₂O₃, SiO₂, P₄O₁₀ என்று தெரியும், எது எது என்று தெரியாது. என்ன வரிசையில் சோதிப்பீர்கள்?

பெரும்பாலோர் நான்கு குழாயிலும் தண்ணீரை ஊற்றுவதாக எழுதுவார்கள். P₄O₁₀ இருப்பதால் அது சீறித் தெறிக்கும். நனைத்த லிட்மஸ் தாளின் மேல் ஊசிமுனை அளவு பொடியைத் தூவுவதாக எழுதுங்கள். ஒன்று நீலத் தாளை உடனே சிவப்பாக்கும், அது P₄O₁₀. ஒன்று சிவப்புத் தாளை மெதுவாக, பொடி பட்ட இடத்தில் மட்டும் நீலமாக்கும், அது MgO. மெதுவாக என்பதால் சில நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும், உடனே மாறவில்லை என்று தாளை எறிந்துவிடக்கூடாது.

மீதி இரண்டும் தாளை மாற்றாது. இங்கேதான் தண்ணீர் நமக்குத் துணை செய்யாமல் நிற்கிறது, வகைக்கான சோதனைக்குப் போகவேண்டும். காரத்தை எடுத்தால் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டும் சூடான செறிந்த NaOH-இல் கரையக்கூடியவை. அமிலத்தை எடுங்கள். சூடான HCl-இல் நேரம் கொடுத்தால் கரைவது அலுமினா, அப்படியே கிடப்பது சிலிக்கா. கரைந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லையென்றால் மேல் கரைசலைத் தெளிய வைத்து வடிகட்டி, வேறு குழாயில் எடுத்து NaOH-ஐத் துளித்துளியாக விடுங்கள். அமிலம் தீர்ந்ததும் ஜவ்வு மாதிரி வெள்ளை வீழ்படிவு வந்து, மேலும் விட்டால் மறைந்தால், அந்தப் பாட்டிலில் Al₂O₃ என்று எழுதி ஒட்டிவிடலாம்.